கோப்பித்தூளா, பாலா: ஒரு கோப்பையின் கணக்கு

“அக்கா, நாங்கள் கிளிநொச்சியில் ஐந்து பேர். காலையில் எல்லோருக்கும் பால் கோப்பி வேண்டும். இவ்வளவு காலமும் போத்தல் நெஸ்கபேயும் பால்மாவும்தான். தமிழ்நாட்டு முகாமில் இருந்து திரும்பிய மாமி ஒரு பில்டர் கொண்டு வந்திருக்கிறார், அதில் போட்டால் மலிவு என்கிறார். இவர் பத்து மணிக்குக் கடையில் ஒன்று குடிக்கிறார். மாத முடிவில் பிள்ளைகளோடு டவுனில் உள்ள கபேக்கும் போகிறோம். ஒரு கோப்பைக்கு உண்மையில் எவ்வளவு முடிகிறது என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது?”

தங்கச்சி, மாமி சொல்வது சரிதான். ஆனால் பில்டரால் மிச்சமாகும் காசு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. உங்கள் வீட்டில் காசு அதிகமாகப் போகும் இடங்கள் இரண்டு: கரண்டியும் பாலும். மாங்குளத்தில் வீதியோரமாகப் பல வருடம் தேநீர்க்கடை நடத்தியவள் என்பதால் இதை அடித்துச் சொல்கிறேன். கடை தொடங்கிய முதல் வருடம் கோப்பியில் எனக்குக் கை கடித்தது. ஒரு போத்தலில் இத்தனை கோப்பை வரும் என்று நானே ஊகித்து விலை போட்டிருந்தேன். பிறகு கையோடு எண்ணிப் பார்த்தபோது அதில் மூன்றில் இரண்டு பங்குகூட வரவில்லை. தூள் எங்கும் கொட்டவில்லை, யாரும் எடுக்கவும் இல்லை. கரண்டி கூம்பிப் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

முதலில் “ஒரு கோப்பை” என்பது என்ன என்று முடிவு செய்துகொள்ளுங்கள். வீட்டுக் கோப்பை, கடைக் கிளாஸ், கபேயின் குவளை மூன்றும் ஒரே அளவில்லை. நான் 150 மில்லிலீற்றரை ஒரு கோப்பையாக எடுக்கிறேன். அதில் 100 மில்லிலீற்றர் பால், மிச்சம் 50 மில்லிலீற்றர் கோப்பிச் சாறு அல்லது சுடுதண்ணீர், சீனி தட்டிய தேக்கரண்டியால் இரண்டு. இதை எல்லாக் கணக்குக்கும் மாறாமல் வைத்திருக்க வேண்டும். பால் கூட்டிய பில்டர் கோப்பியை, பால் குறைந்த நெஸ்கபேயோடு ஒப்பிட்டால் வரும் விடை பாலின் விலையைத்தான் சொல்லும்.

அடுத்தது எடை. ஒரு கரண்டித் தூளை வீட்டில் நிறுக்க வழியில்லை. பலசரக்குக் கடைத் தராசும் ஐந்து கிராமுக்குக் கீழே சரியாகக் காட்டாது. ஆகவே நீங்கள் வழக்கமாகப் போடுவதைப் போலவே, கையை மாற்றாமல், இருபது கரண்டி உடனடிக் கோப்பியை ஒரு காய்ந்த பையில் போட்டுக் கடையில் நிறுத்துப் பாருங்கள். வருவதை இருபதால் பிரியுங்கள். தட்டிய தேக்கரண்டி 1.8 கிராம் அளவில் வரும். கூம்பியதாக இருந்தால் 3 கிராம் வரைக்கும் போகும். நிறுத்த தூளை அப்படியே போத்தலில் திரும்பக் கொட்டிவிடலாம், பை காய்ந்திருந்தால் சேதமில்லை. மாவைப் போன்ற தூளும் மணி மணியாக இருக்கும் தூளும் ஒரே கரண்டியில் ஒரே எடை நிற்காது. அதனால் வேறு போத்தல் வாங்கினால் மறுபடியும் நிறுங்கள்.

நிறுக்கவே நேரமில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. 100 கிராம் போத்தல் உங்கள் வீட்டில் எத்தனை நாளில் முடிகிறது? ஐந்து பேருக்கு நாளுக்கு ஒரு தடவை என்றால், தட்டிய கரண்டியில் அது பதினொரு நாள் நிற்க வேண்டும். ஆறு ஏழு நாளில் அடி தெரிந்தால் நீங்கள் மூன்று கிராம் போடுகிறீர்கள்.

இனி விலைக்கு வருவோம். நான் இங்கே எடுப்பவை கணக்குக்கு இலகுவான முழு எண்கள். உங்கள் பற்றுச்சீட்டில் இருப்பதை அந்தந்த இடத்தில் மாற்றிப் போடுங்கள், வழி மாறாது. உடனடிக் கோப்பி 100 கிராம் 1,900 ரூபாய், அதாவது கிராம் 19 ரூபாய். வறுத்து அரைத்த கோப்பித்தூள் 200 கிராம் 700 ரூபாய், கிராம் மூன்றரை ரூபாய்.

இங்கேதான் பலர் தவறி விழுகிறார்கள். ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கிறதே, பில்டர் எங்கேயோ மலிவு என்று நினைத்துவிடுகிறார்கள். உடனடிக் கோப்பி என்பது தூளாக அரைத்த கொட்டை இல்லை. கொட்டையைக் காய்ச்சி இறக்கிய சாற்றை உலர்த்தியது. சர்வதேசக் கோப்பி அமைப்பின் கணக்கின்படி ஒரு கிலோ வறுத்த கோப்பி 1.19 கிலோ பச்சைக் கொட்டைக்குச் சமம், ஒரு கிலோ உடனடிக் கோப்பி 2.6 கிலோ பச்சைக் கொட்டைக்குச் சமம். நீங்கள் பில்டரில் செய்யும் வேலையைத் தொழிற்சாலை முன்கூட்டியே செய்து சக்கையை எறிந்துவிட்டது. அதனால்தான் அதில் 1.8 கிராம் போதுமாக இருக்கிறது. பில்டரில் அதே கோப்பைக்கு 8 கிராம் தூள் போக வேண்டும்.

ஆகவே கோப்பிக்கு மட்டும் பார்த்தால், பில்டரில் கோப்பைக்கு 28 ரூபாய், உடனடியில் தட்டிய கரண்டிக்கு 34 ரூபாய். வித்தியாசம் ஆறு ரூபாய்தான். கூம்பிய கரண்டி என்றால் உடனடி 57 ரூபாய்க்குப் போய்விடுகிறது. பில்டருக்கும் போத்தலுக்கும் உள்ள தூரத்தைவிட, தட்டிய கரண்டிக்கும் கூம்பிய கரண்டிக்கும் உள்ள தூரம் கிட்டத்தட்ட நாலு மடங்கு.

பால் அடுத்தது. 400 கிராம் பால்மா 1,100 ரூபாய் என்று எடுக்கிறேன். பாலாகக் கரைக்க 100 மில்லிலீற்றருக்கு 13 கிராம் மா வேண்டும். அது 36 ரூபாய். அயலில் மாடு வைத்திருப்பவரிடம் பசும்பால் லீற்றர் 220 ரூபாய்க்கு வாங்கினால் அதே அளவுக்கு 22 ரூபாய். கோப்பைக்கு 14 ரூபாய் வித்தியாசம். உடனடிக் கோப்பியில் இருந்து பில்டருக்கு மாறி மிச்சம் பிடிக்கும் ஆறு ரூபாயைப் போல இது இரண்டு மடங்குக்கும் மேல். வன்னியில் பட்டிமாடு இல்லாத ஊர் எது? அடுத்த வளவில் பால் கறந்துகொண்டிருக்க, கப்பலில் வந்த மாவைக் கரைத்துக் குடிக்கிறோம் என்பது எனக்கு நெடுநாள் மனக்குறை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தண்ணீர் கலந்த பாலாக இருந்தால் இந்தக் கணக்குப் பிழைத்துவிடும். லீற்றரில் கால்வாசி தண்ணீர் என்றால் நீங்கள் உண்மையில் கொடுப்பது லீற்றருக்கு 293 ரூபாய். அப்போது மாவோடு இருக்கும் வித்தியாசத்தில் பாதிக்கு மேல் காணாமற்போகும். காய்ச்சி ஆறவைத்து ஆடையைப் பாருங்கள். ஒரே வீட்டுப் பாலில் நேற்று கனமாகப் படிந்த ஆடை இன்று மெல்லிசாக இருந்தால் கேட்பதில் தவறில்லை.

சீனி இரண்டு கரண்டிக்கு இரண்டு ரூபாய். காஸ் பற்றிப் பலர் தேவையில்லாமல் கவலைப்படுகிறார்கள். 12.5 கிலோ சிலிண்டர் 3,700 ரூபாய் என்று வைத்து, அடுப்பின் சூட்டில் பாதி வெளியே போகிறது என்று எடுத்தாலும், ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் பதின்மூன்று கிராம் காஸ்தான் எரிகிறது. நாலு ரூபாயும் வராது. கோப்பைக்கு ஒரு ரூபாய் என்று தாராளமாகப் போடலாம். விறகு அடுப்பு என்றால் அதுவும் இல்லை. பில்டரின் விலையும் அப்படித்தான். 2,500 ரூபாய்க்கு வாங்கிய எவர்சில்வர் பில்டர் பத்து வருடம் உழைத்தால் கோப்பைக்கு 14 சதம். உங்களுடையது மாமியின் கையில் வந்தது, அதையும் விட்டுவிடுங்கள்.

இப்போது கூட்டுவோம். பில்டரும் பசும்பாலும்: கோப்பி 28, பால் 22, சீனியும் காஸும் 3, மொத்தம் 53 ரூபாய். உடனடிக் கோப்பியும் பசும்பாலும் 59. நீங்கள் இப்போது குடிக்கும் உடனடியும் பால்மாவும், தட்டிய கரண்டி என்றால் 73. கூம்பிய கரண்டி என்றால் 96. ஐந்து பேருக்கு மாதம் 150 கோப்பை. 53 ரூபாய்க் கோப்பை என்றால் மாதம் 7,950, 73 என்றால் 10,950, 96 என்றால் 14,400. உங்கள் வீடு இந்த மூன்றில் எதில் நிற்கிறது என்பதைப் போத்தல் முடியும் நாள் சொல்லிவிடும். பில்டரைத் தொடாமலே, கரண்டியைத் தட்டிப் பசும்பாலுக்கு மாறினாலே பெரும்பங்கு மிச்சமாகிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

பில்டரின் 53 ரூபாய் ஒரு நிபந்தனையோடு வருவது. இறக்கிய சாறு முழுவதும் குடிக்கப்பட வேண்டும். ஐந்து பேருக்கு இறக்கி, ஒருவர் அன்று வேண்டாம் என்று போய்விட்டால், அந்த 40 கிராம் தூளின் விலை நாலு கோப்பையில் விழுகிறது. கோப்பிச் செலவு 28 இல் இருந்து 35 ஆகிறது, கோப்பை 60 ரூபாய் ஆகிறது. உடனடிக் கோப்பி அப்போது ஒரு ரூபாய் மலிவு. நாளுக்கு ஒரு கோப்பைச் சாறு கழுவுதொட்டியில் போகும் வீட்டில் பில்டருக்கு லாபமே இல்லை. மிஞ்சினால் மூடி வைத்துப் பின்னேரம் பயன்படுத்துங்கள். குளிர்சாதனப் பெட்டி இருந்தால் மறுநாள் காலை வரை நிற்கும், மணம் கொஞ்சம் குறையும். சக்கையில் மறுபடியும் சுடுதண்ணீர் ஊற்றி இறக்கும் இரண்டாம் சாற்றைக் கோப்பையாக எண்ணாதீர்கள். நல்லது முதலிலேயே இறங்கிவிட்டது. அடுத்து வருவது கசப்பும் நிறமும்தான். முதல் சாற்றோடு சிறிது கலந்துகொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம்.

எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது என்பதிலும் பலர் இடறுகிறார்கள். 250 மில்லிலீற்றர் சாறு வேண்டும் என்று 250 மட்டும் ஊற்றினால் குறையும். தூள் தன் எடையைப் போல் இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். 40 கிராம் தூள் 80 மில்லிலீற்றரைக் குடித்துவிடும், ஆகவே 330 ஊற்ற வேண்டும். இது தெரியாமல் சாறு குறைகிறதே என்று தூளைக் கூட்டினால் 8 கிராம் 10 ஆகிவிடும், கோப்பைக்கு ஏழு ரூபாய் ஏறும். மாமியின் பில்டர் சிறியது என்றால் ஒரே தடவையில் ஊற்ற இடமிருக்காது. முதல் தண்ணீர் இறங்க இறங்கப் பகுதி பகுதியாக ஊற்றுங்கள்.

எங்கள் பக்கத்தில் பில்டருக்கு வரும் பெரிய தொல்லை வேறு. இங்கே விற்கும் தூள் கேத்தலில் கொதிக்க வைத்து வடியால் வடிப்பதற்கென்று மாவாக அரைக்கப்பட்டது. அதை மேல் பாத்திரத்தில் போட்டு அமத்தும் தட்டால் இறுக்கினால் சேறுபோல் அடைத்துவிடும். அரை மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் கீழே நாலு கரண்டிச் சாறு கிடக்கும், மேலே தண்ணீர் ஆறிப்போய் நிற்கும். அந்தத் தூள் முழுவதும் வீண். சரியாக இறங்கினால் இருபது நிமிடத்தில் பெரும்பகுதி கீழே வந்திருக்க வேண்டும். அதற்கு, ஆலையில் அரைக்கும்போது மாவாக வேண்டாம், மெல்லிய ரவை பதம் போதும் என்று சொல்லுங்கள். தட்டைத் தூளின்மேல் வையுங்கள், அமத்த வேண்டாம். ஓட்டைகளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். நம் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு அவற்றில் வெள்ளையாகப் படியும். தேசிக்காய்ச் சாறு கலந்த சுடுதண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால் விட்டுவிடும்.

இதற்கு மேலும் குறைக்க வழி உண்டா என்றால், நீங்களே வறுப்பதுதான். பச்சைக் கொட்டை கிலோ 1,800 ரூபாய், அரைகூலி 100 ரூபாய் என்று வையுங்கள். வறுக்கும்போது எடை ஆறில் ஒரு பங்கு போகும், ஆலையிலும் சிறிது ஒட்டிக்கொள்ளும், கையில் 820 கிராம் வரும். கிராம் 2 ரூபாய் 32 சதம். கோப்பைக்குப் பத்தொன்பது ரூபாய், முழுக் கோப்பை 44 ரூபாய். மாதம் 1,400 ரூபாய் அளவில் மிச்சம். வறுப்பது கறுப்பாகும் வரை இல்லை. தாச்சியில் விடாமல் கிளறி, கொட்டை வெடிக்கும் சத்தம் கேட்டு, நல்ல மண்ணிறம் வந்ததும் இறக்கிச் சுளகில் பரப்பி ஆற்ற வேண்டும். தாச்சியிலேயே விட்டால் உள்சூட்டில் கருகிக்கொண்டே போகும், எடையும் இன்னும் குறையும். இரண்டு கிழமைக்குத் தேவையானதை மட்டும் வறுத்து அரையுங்கள். மல்லி சேர்த்து அரைப்பது நம் வழக்கம், எனக்கும் அது இல்லாமல் முடியாது. ஆனால் மல்லிக்குக் கோப்பியின் காரம் இல்லை. கால்பங்கு மல்லி சேர்த்த தூளில் 8 கிராம் போட்டால் கோப்பி 6 கிராம்தான். சாறு மெலிகிறது என்று கை தானாகக் கூடும், மிச்சம் பிடித்ததும் அங்கே போகும். பில்டருக்குத் தனிக் கோப்பியை அரைத்து, மல்லித்தூளைப் பின்னேர வெறுங்கோப்பிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்கு வருகிறேன். உங்கள் கணவர் குடிப்பது 120 ரூபாய் என்று வையுங்கள். கடைக் கிளாஸில் நிறைய ஊற்றினாலும் 110 மில்லிலீற்றர் அளவுதான் இருக்கும். நம் 150 மில்லிலீற்றர் கோப்பைக்கு அது 164 ரூபாய். வீட்டுக் கோப்பையைப் போல் மூன்று மடங்கு. கடைக்காரர் கொள்ளையடிக்கிறார் என்று எண்ண வேண்டாம். என் கடையில் தூள், பால், சீனி மூன்றும் விற்பனை விலையில் ஐந்தில் இரண்டு பங்கைத் தாண்டினால் மாத முடிவில் கையில் ஒன்றும் மிஞ்சாது. மிச்சம் கடை வாடகை, வேலையாள் சம்பளம், நாள் முழுக்க எரியும் அடுப்பு, இரவில் மிஞ்சித் திரையும் பால் என்று போய்விடும். கபேயில் 500 ரூபாய்க் கப்புச்சினோவில் இரட்டை அளவு கோப்பிக்கு 16 முதல் 18 கிராம் தூள் போகிறது, பால் உங்கள் கோப்பையைவிடக் கூட. வீட்டு விலையில் போட்டாலும் பொருள் மட்டும் நூறு ரூபாய் அளவில் வரும். மிச்சம் இயந்திரம், குளிரூட்டி, இருக்கை. குவளையின் மேற்பகுதி நுரை என்பதால் அதை மில்லிலீற்றர் கணக்கில் ஒப்பிடுவதும் சரியாக வராது. மாதத்தில் ஒரு தடவை ஐந்து பேர் போனால் 2,500 ரூபாய். கூம்பிய கரண்டியில் நீங்கள் மாதம் விடும் 3,450 ரூபாயைவிட அது குறைவு. பிள்ளைகளோடு போவதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது.

கணவரின் பத்து மணிக் கோப்பியை வீட்டிலிருந்து கொடுத்தால் 25 வேலை நாளில் 1,675 ரூபாய் மிஞ்சும். பால் கலந்த கோப்பியை பிளாஸ்கில் ஊற்றி நாலு மணித்தியாலம் வைத்தால் பால் வாடை வந்துவிடும், இரண்டாம் நாளே அவர் திரும்பக் கடைக்குப் போவார். சாற்றைச் சிறிய போத்தலில் தனியாகவும் சீனியையும் பால்மாவையும் ஒரு டப்பாவில் தனியாகவும் கொடுங்கள், வேலை இடத்தில் சுடுதண்ணீர் இருந்தால் போதும். மா என்பதால் அந்தக் கோப்பை 67 ரூபாய், மிச்சம் 1,325 ஆகக் குறையும்.

மாரி தொடங்கினால் போத்தலையும் கவனியுங்கள். ஈரக் கரண்டி ஒரு தடவை பட்டாலே உடனடிக் கோப்பி கட்டிபட்டுப் போத்தலில் ஒட்டிவிடும், அதைச் சுரண்டிப் போடும்போது அளவு என்பதே இல்லை. ஒரு கரண்டியை அதற்கென்று ஒதுக்கிக் காயவைத்து வையுங்கள். இறுதியாக, மூடியின்மேல் ஒரு துண்டுத் தாள் ஒட்டித் திறந்த திகதியை எழுதுங்கள். ஒவ்வொரு காலையும் எத்தனை கோப்பை என்று கோடு இழுங்கள். போத்தல் முடிந்த அன்று கோடுகளை எண்ணி, வாங்கிய விலையை அதனால் பிரியுங்கள். கோடை வந்து பால் வற்றி அயலவர் விலையைக் கூட்டும்போது கணக்கில் பாலின் விலையை மட்டும் மாற்றிக் கூட்டினால் போதும். இந்த விலைகளில் பார்த்தால், லீற்றர் 360 ரூபாயைத் தொடும் நாளில்தான் மாவுக்குத் திரும்புவதற்குக் காரணம் இருக்கிறது.